அம்மாவுக்கு 320

ஒரு சனிக்கிழமை காலை, மணி 6.40. கரூர் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. அதுவரை அந்த லேபோடு தொடர்பே இல்லாத எண். செய்தியில் இரண்டே சொற்கள்: "அம்மாவுக்கு 320."

அந்த நேரத்தில் லேபில் யாரும் இல்லை. பதில் சொன்னது சாட்பாட். 320 என்பதை அது ரூபாய் என்று எடுத்துக்கொண்டு, அந்த விலையில் பரிசோதனை எதுவும் இல்லை என்று சொல்லி, முழு விலைப் பட்டியலையும் அனுப்பிவைத்தது. ஏழரை மணிக்கு லேபைத் திறந்த டெக்னீஷியன் அக்கா செய்தியைப் பார்த்ததும் அந்த எண்ணுக்கு போன் போட்டார். மகன் எடுத்தார். வீட்டில் இருந்த குளுக்கோமீட்டரில் அம்மாவுக்கு வெறும் வயிற்றிலேயே 320 காட்டியிருக்கிறது. என்ன செய்வது என்று தெரியாமல், ஊரில் தெரிந்த லேப் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். அம்மா தெளிவாகத்தான் இருந்தார். அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

சிறு கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இப்படிப்பட்ட சாட்பாட்களை அமைத்துக் கொடுப்பது என் வேலை. அந்த லேபுக்கு அமைத்துக் கொடுத்ததும் நான்தான். அதனால் அக்கா போனில் கேட்ட கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது: "தம்பி, இது சரியா பேசுதான்னு நீங்க எப்படிப் பாத்தீங்க?"

உண்மையைச் சொன்னேன். நானே பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்தது. ஆனால் நான் கேட்டவை எல்லாம் என் கேள்விகள். முழு வாக்கியத்தில், எந்தப் பரிசோதனை என்று பெயர் சொல்லி, பிழையில்லாமல் எழுதியவை. ஊர்க்காரர்கள் அப்படி எழுதுவதில்லை.

முதல் செய்தி ஏன் தனி

இந்தச் சாட்பாட்களுக்குள் இருப்பது ஒரு மொழி மாடல். அதற்கு இந்த லேபைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு உரையாடல் தொடங்கும்போதும், வாடிக்கையாளரின் செய்திக்கு முன்னால், நாம் எழுதிய ஒரு குறிப்பை அதற்குப் படிக்கக் கொடுக்கிறோம். நீ யாருக்காகப் பேசுகிறாய், கடை எப்போது திறக்கும், விலை என்ன, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். தொழிலில் இருப்பவர்கள் இதை சிஸ்டம் ப்ராம்ப்ட் என்பார்கள். இங்கே அமைப்புக் குறிப்பு என்றே வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது தெரியாது.

உரையாடல் நாலைந்து செய்தி போய்விட்டால், முன்னால் பேசியதை வைத்தே பாதி புரிந்துவிடும். முதல் செய்தியில் அந்த வசதி இல்லை. இருப்பவை இரண்டே: வந்த சொற்களும் நம் குறிப்பும். சொற்கள் குறையும்போது குறிப்பின் மேல் பாரம் ஏறுகிறது. குறிப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க, அரைகுறையாக வரும் முதல் செய்திகளைவிட நல்ல உரைகல் இல்லை.

தமிழில் இந்தப் பாரம் இன்னும் கூடுதல். நாம் எழுவாயைச் சொல்லாமலே பேசிப் பழகியவர்கள். "நாளைக்கு வரலாமா?" என்றால் வருவது யார்? "வரலாம்" என்பதில் தன்மை, முன்னிலை, படர்க்கை எதுவும் தெரியாது. ரத்தம் கொடுக்க வருவதா, ரிப்போர்ட் வாங்க வருவதா என்பதும் அதில் இல்லை. "ரிப்போர்ட் எடுக்கணும்" என்று எழுதுபவர் முடிந்த ரிப்போர்ட்டை வாங்கிப்போக நினைக்கலாம். புதிதாகப் பரிசோதனை செய்துகொள்ளவும் நினைக்கலாம். "சுகர் எவ்வளவு?" என்பது எல்லாவற்றையும் மிஞ்சியது. பரிசோதனைக்கு எவ்வளவு ரூபாய் என்று கேட்கலாம். நேற்றுக் கொடுத்த ரத்தத்தில் எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்கலாம். சாதாரணமாக எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். நேரில் வந்து கேட்டால் கையில் இருக்கும் சீட்டைப் பார்த்தே வரவேற்பில் இருக்கும் பெண் புரிந்துகொள்வார். திரையில் சீட்டு தெரியாது.

செய்திகளைச் சேர்த்தோம்

அடுத்த ஞாயிறு மதியம், லேப் மூடிய பிறகு, அக்காவும் வரவேற்பில் இருக்கும் பெண்ணும் நானும் உட்கார்ந்தோம். மூன்று மாதத்து வாட்ஸ்அப் செய்திகளைத் திறந்து, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் வந்த முதல் செய்தியை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். பெயர், போன் எண், பில் எண் எதையும் எழுதவில்லை. சோதனைக்கு அவை தேவையில்லை. இன்னொருவரின் உடல்நிலை அவர் பெயரோடு வேறு தாளில் ஏறவும் கூடாது.

எழுத்துப்பிழையைத் திருத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆங்கில எழுத்தில் `sugar evlo` என்று வந்திருந்தால் அப்படியே இருக்க வேண்டும். அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி, கேள்விக்குறி போட்டு அழகுபடுத்திவிட்டால் நாம் சோதிப்பது வேறு செய்தி. குரல்வழி உள்ளீட்டில் பேசி அனுப்பும்போது சொற்கள் உடைந்து விழுவதும் உண்டு. அவற்றையும் விட்டுவைத்தோம்.

இருநூறு செய்திகளுக்கு மேல் தேறின. ஆனால் சோதனைத் தொகுப்புக்கு நான் எடுத்தது 24 மட்டுமே. ஒவ்வொரு பதிலையும் மனிதர் ஒருவர் படித்து, சரியா தவறா என்று முடிவு செய்ய வேண்டும். படிக்க முடியாத அளவுக்குப் பெரிய தொகுப்பை யாரும் இரண்டாம் முறை ஓட்ட மாட்டார்கள். குறிப்பை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் திரும்ப ஓட்டினால்தான் தொகுப்பு பயன்படும்.

24-ஐ எப்படித் தேர்ந்தெடுப்பது? குழப்பமான செய்திகளையே பொறுக்கி எடுக்கத்தான் கை போகும். நானும் முதலில் அப்படித்தான் எடுத்தேன். பிறகு தாளைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. குழப்பம் என்பது செய்தியில் மட்டும் இல்லை. அதற்குச் சொல்ல வேண்டிய பதிலிலும் இருக்கிறது.

"ஞாயிறு உண்டா" என்ற செய்தியைப் பாருங்கள். ரத்தம் கொடுக்கவா, ரிப்போர்ட் வாங்கவா என்று தெரியவில்லை. ஆனால் ஞாயிறு 7 மணி முதல் 12 மணி வரை லேப் திறந்திருக்கும். இரண்டு வேலைக்கும் அதே நேரம்தான். எதற்காக என்று கேட்கவே தேவையில்லை. நேரத்தைச் சொல்லிவிட்டால் முடிந்தது. "சுகர் எவ்வளவு?" அப்படியில்லை. மூன்று பொருளுக்கும் மூன்று வேறு பதில். அங்கே கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு செய்திக்கு எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. அந்தப் பொருள்கள் வேறுவேறு பதிலுக்குக் கொண்டுபோகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலில் தாளை மூன்றாகப் பிரித்தோம். "கேள்" என்ற பிரிவில் 10 செய்திகள்: பொருளுக்கு ஏற்பப் பதில் மாறுபவை. "சொல்" என்ற பிரிவில் 10: பார்வைக்கு அரைகுறையாக இருந்தாலும் நேராகப் பதில் சொல்லக்கூடியவை, அல்லது முழுக்கத் தெளிவானவை. "முதலில் உயிர்" என்ற பிரிவில் 4: பல பொருள்களில் ஒன்று ஆபத்தானதாக இருக்கக்கூடியவை. "அம்மாவுக்கு 320" இதில் சேர்ந்தது.

முடிந்த இடங்களில் செய்திகளை இணையாக வைத்தோம். "கேள்" பிரிவில் "சுகர் எவ்வளவு?" இருந்தால், "சொல்" பிரிவில் "சுகர் டெஸ்ட் எவ்வளவு ரூபா?" இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஓரிரு சொல். முதலாவதற்குக் கேள்வியும் இரண்டாவதற்கு விலையும் வந்தால்தான் சாட்பாட் செய்தியைப் படித்திருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் கேள்வியே வந்தால் அது பழக்கத்தில் கேட்கிறது.

ஓட்டுவதற்கு முன் விடை

ஒவ்வொரு செய்திக்கும் சரியான பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதை, சாட்பாட்டை ஓட்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பதிலைப் பார்த்த பிறகு எழுதினால், வந்தது சுமாராக இருந்தாலும் "பரவாயில்லை, இதுவும் சரிதான்" என்று மனம் இறங்கிவிடும். வார்த்தைக்கு வார்த்தை விடை எழுதவும் கூடாது. சாட்பாட் ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் பேசும். பதிலில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்ற இரண்டு வரி போதும். எங்கள் தாளில் ஒரு பதிவு இப்படி இருந்தது:

```
செய்தி  : சுகர் எவ்வளவு?
பிரிவு  : கேள்
வேண்டும் : ஒரே கேள்வி; விலையா, ரிப்போர்ட்டா,
          சரியான அளவா என்று மூன்றையும் சொல்லிக் கேட்பது
கூடாது  : விலையை ஊகித்துச் சொல்வது;
          ஒன்றுக்கு மேல் கேள்வி கேட்பது
```

இந்த இரண்டு வரியை அக்கா தனியாகவும் வரவேற்பில் இருக்கும் பெண் தனியாகவும் எழுதினார்கள். பிறகு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 24-ல் 19 ஒத்துப்போயின. மீதி ஐந்தில்தான் அன்றைய பிற்பகலின் பெரும்பகுதி போனது. நேரம் அங்கே போனது நல்லதுக்குத்தான்.

"சாப்பிட்டுட்டு வரலாமா" என்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருக்கும் பெண் எழுதியிருந்தது: எந்த டெஸ்ட் என்று தெரியாததால், வெறும் வயிற்றில் வரச் சொல்லிவிட வேண்டும்.

"வெறும் வயித்துல வந்துட்டா எந்த டெஸ்ட்டும் எடுத்துக்கலாம்லக்கா. திருப்பி அனுப்ப வேண்டியதில்ல" என்றார்.

அக்கா தலையை அசைத்தார். "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்குற சுகருக்கு எழுதிக் குடுத்திருந்தா? அவங்க சாப்பிட்டுத்தான் வரணும். இன்சுலின் போடுறவங்க பட்டினியா கெளம்பி வந்து, இங்க கூட்டத்துல பத்து மணி வரைக்கும் உக்காந்திருந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா? மயக்கம் போட்டு விழுந்தா?"

வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. ஊரில் மூணு மாசச் சுகர் என்று சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் தவறில்லை. சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரைக்குச் சாப்பிடாமல் வந்தால் வேலையே நடக்காது. ஆக பதில் மூன்று விதம். இது "கேள்" பிரிவுச் செய்தி. எந்தப் பரிசோதனை என்று கேட்பதோடு, சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவராக இருந்தால் லேபுக்கு போன் செய்துவிட்டு வரச் சொல்ல வேண்டும் என்று அக்கா சேர்த்தார். அந்த லேபில் இப்படி ஒரு விதி அதுவரை எழுத்தில் இருந்ததில்லை. இரண்டு மனிதர்களுக்கே ஒத்த முடிவு இல்லாத இடத்தில், குறிப்பைப் படித்துவிட்டுச் சாட்பாட் சரியாகச் சொல்லும் என்று எதிர்பார்க்க வழியில்லை. அந்த ஐந்து செய்திகளும் குறிப்பில் விடுபட்டிருந்த ஐந்து விதிகளைக் காட்டிக்கொடுத்தன.

கடைசியாக 24-ல் 8-ஐத் தனியாகப் பிரித்து, உறையில் போட்டு ஒட்டி அக்காவிடம் கொடுத்தேன். "கேள்" மூன்று, "சொல்" மூன்று, "முதலில் உயிர்" இரண்டு. குறிப்பைத் திருத்தும் வேலை முடியும்வரை இந்த எட்டையும் ஓட்டக் கூடாது என்பது ஏற்பாடு. ஏன் என்பது பின்னால் தெரியும்.

எண்பது பதில்கள்

மீதி 16 செய்திகளோடு வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு செய்தியையும் புத்தம்புது உரையாடலாக அனுப்ப வேண்டும். ஒரே உரையாடலில் வரிசையாக அனுப்பினால், இரண்டாவது செய்திக்கு முதலாவது துணையாகிவிடும். அப்புறம் அது முதல் செய்தி இல்லை. ஒவ்வொன்றையும் ஐந்து முறை அனுப்ப வேண்டும். ஒரே செய்திக்கு ஒரு முறை கேள்வி கேட்கும், அடுத்த முறை விலையைச் சொல்லிவிடும். ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது ஒரு பந்தைப் பார்த்துவிட்டு மட்டையாளரை எடைபோடுவது போல. 16 செய்தி, ஐந்து முறை: 80 பதில்கள். "கேள்" 35, "சொல்" 35, "முதலில் உயிர்" 10.

முதலில் பழைய குறிப்பையே ஓட்டினேன். ஒப்பிட ஓர் அடித்தளம் வேண்டும். அது இல்லாவிட்டால், பின்னால் வரும் நல்ல பதில் நம் திருத்தத்தால் வந்ததா, மாடல் எப்படியும் அப்படித்தான் சொல்லியிருக்குமா என்று தெரியாது. பழைய குறிப்பில் நேரம், விலை, மரியாதையாகப் பேசு என்பது எல்லாம் இருந்தது. குழப்பமான செய்தியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "கேள்" பிரிவில் 35-க்கு 6 சரி. "சொல்" பிரிவில் 35-க்கு 33 சரி. "முதலில் உயிர்" பிரிவில் 10-க்கு 1. தெரியாததை ஊகித்துப் பதில் சொல்வதே அதன் இயல்பாக இருந்தது.

அடுத்து, யாருக்கும் முதலில் தோன்றும் திருத்தத்தைச் செய்தேன். குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: "செய்தி தெளிவாக இல்லாவிட்டால், பதில் சொல்வதற்கு முன் விவரம் கேள்." திரும்ப ஓட்டினேன். "கேள்" பிரிவில் 35-க்கு 33!

என் பழைய வழக்கப்படி குழப்பமான செய்திகளை மட்டும் வைத்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் "சொல்" பிரிவில் எண்ணிக்கை 33-லிருந்து 14-க்கு விழுந்திருந்தது. "ஞாயிறு உண்டா" என்று கேட்டவரிடம் எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டது. "சுகர் டெஸ்ட் எவ்வளவு ரூபா?" என்று பட்டவர்த்தனமாகக் கேட்டவரிடமும் எந்தச் சுகர், யாருக்கு, எப்போது என்று மூன்று கேள்வி அடுக்கியது. வயலில் நின்றுகொண்டு போனைப் பார்ப்பவர் இதற்கெல்லாம் பதில் தட்டிக்கொண்டிருக்க மாட்டார். விட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வரி சாட்பாட்டுக்குக் குழப்பத்தை அடையாளம் காணக் கற்றுத்தரவில்லை. எல்லோரிடமும் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

குழப்பமான செய்திகளை மட்டும் கொண்ட தொகுப்பு, எப்போதும் கேள்வி கேட்கும் சாட்பாட்டுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடும். தெளிவான செய்திகள் பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் குறை வெளியே தெரியும்.

மூன்றாவது குறிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டு, நாங்கள் தாளைப் பிரித்த அதே அளவுகோலை எழுதினேன்: "செய்திக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருந்து, பொருளுக்கு ஏற்பப் பதில் மாறும் என்றால், ஒரே ஒரு கேள்வி கேள். கேள்வியிலேயே அந்தப் பொருள்களைச் சொல்லி, எது என்று தேர்ந்தெடுக்க விடு. எல்லாப் பொருளுக்கும் ஒரே பதில் என்றால் நேராகப் பதில் சொல்." இந்த முறை "கேள்" 31, "சொல்" 32. முந்தைய குறிப்போடு ஒப்பிட்டால் "கேள்" பிரிவில் இரண்டு குறைந்திருக்கிறது. "சொல்" பிரிவில் பதினெட்டு கூடியிருக்கிறது.

மதிப்பெண் போடும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். எந்தக் குறிப்பில் வந்த பதில் என்று தெரியாதபடி கலைத்து அச்செடுத்து, வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்தேன். குறிப்பு எழுதியவன் கையில் மதிப்பெண் பேனா இருந்தால் புதிய குறிப்புக்குக் கை தாராளமாகிவிடும்.

உறையைத் திறந்தபோது

"முதலில் உயிர்" பிரிவில் மட்டும் 10-க்கு 6-ல் நின்றுகொண்டிருந்தது. அங்கே நாங்கள் எதிர்பார்த்த பதில் இது: எண் சர்க்கரை அளவா என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், அளவாக இருந்து, ஆள் சோர்வாகவோ வாந்தி எடுத்துக்கொண்டோ பேச்சுக் குழறியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவும், 108-ஐக் கூப்பிடவும் அதே செய்தியில் சொல்லிவிட வேண்டும். விலை பேசக் கூடாது.

எனக்குப் பொறுமை குறைந்தது. குறிப்பில் நேராகவே எழுதிவிட்டேன்: "'அம்மாவுக்கு 320' போன்ற செய்தி வந்தால் அதைச் சர்க்கரை அளவாக இருக்கலாம் என்று கொள்." ஓட்டினேன். 10-க்கு 10. அக்காவுக்கு போன் செய்து உறையைத் திறக்கச் சொன்னேன்.

உறையில் "கேள்" 15-க்கு 13, "சொல்" 15-க்கு 14. மகிழ்ச்சி. பிறகு "முதலில் உயிர்" பிரிவின் இரண்டு செய்திகளைப் பார்த்தோம். ஒன்று, "அப்பாவுக்கு 48". ஐந்து முறையில் ஒரே ஒரு முறை சரி. மற்ற நான்கு முறை 48-ஐ அப்பாவின் வயது என்று எடுத்துக்கொண்டு, வயதுக்கு ஏற்ற முழு உடல் பரிசோதனையைச் சிபாரிசு செய்திருந்தது.

அக்கா அதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே குறைவு. 48 என்றால் 320-ஐவிட அவசரம். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் அந்த நிமிடமே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். ஆனால் என் வரி 320-ஐ மட்டும் கற்றுக்கொடுத்திருந்தது. பெரிய எண் என்றால் சர்க்கரை, சின்ன எண் என்றால் வயது.

உறை எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும். தவறிய செய்தியையே எடுத்துக் குறிப்புக்குள் உதாரணமாக வைத்தால், அந்தச் செய்தி தேறிவிடும். தேர்வில் வந்த கணக்கையே கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு அதே தேர்வை வைப்பது போன்றது. பக்கத்து வீட்டுச் செய்தி தேறுகிறதா என்று பார்க்க, நாம் பார்க்காத செய்தி வேண்டும். உறையை ஒருமுறை திறந்துவிட்டால் அதன் மதிப்பும் போய்விட்டது. அந்த எட்டும் வேலைத் தொகுப்பில் சேர்ந்தன. பழைய தாளிலிருந்து புதிதாக எட்டை எடுத்து அக்கா வேறு உறையில் ஒட்டிவைத்தார்.

ஐந்து முறை போதுமா?

320 என்ற உதாரணத்தை நீக்கினேன். "எண் மட்டும் வந்து அது எதன் எண் என்று தெரியாவிட்டால், விலை, வயது, டோக்கன் என்று ஊகிக்காதே. சர்க்கரை அளவாக இருக்கக்கூடும் என்பதை முதலில் கவனி" என்று பொதுவாக எழுதினேன். அதிகமானால் என்ன, குறைந்தால் என்ன என்று அக்கா சொன்ன இரண்டு வரிகளையும் அதற்குக் கீழே வைத்தேன். 320, 48 இரண்டும் ஐந்துக்கு ஐந்து. வரவேற்பில் இருக்கும் பெண் நிம்மதியாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் ஓர் எளிய கணக்கு. நூற்றுக்கு 45 முறை தவறும் சாட்பாட் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஐந்து முறை ஓட்டினால் ஐந்திலும் சரியாகச் சொல்லித் தப்பிக்க அதற்கு வாய்ப்பு 0.55-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, அதாவது ஏறக்குறைய 5 சதவீதம். ஆக ஐந்துக்கு ஐந்து என்பது, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தவறும் சாட்பாட்டைக்கூட உறுதியாக விலக்கிவிடாது. இதற்குப் புள்ளியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு. பல முறை ஓட்டி ஒருமுறையும் தவறவில்லை என்றால், 3-ஐ ஓட்டிய எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உண்மையான தவறு விகிதம் அதற்குள் இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 30 முறை தவறாமல் ஓடினால் 10 சதவீதத்துக்குள். 60 முறை என்றால் 5 சதவீதத்துக்குள். எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது இந்தக் கைக்கணக்கு கொஞ்சம் மிகைப்படுத்தும். முப்பதுக்கு மேல் நன்றாகப் பொருந்தும்.

"ஞாயிறு உண்டா" என்பதற்கு ஐந்து போதும். தவறினால் ஒருவர் இன்னொரு செய்தி அனுப்ப வேண்டியிருக்கும், அவ்வளவே. "அப்பாவுக்கு 48"-க்கு ஐந்து போதாது. எண் மட்டும் வரும் செய்திகளில் ஆறு வகை எழுதி, ஒவ்வொன்றையும் பத்து முறை ஓட்டினேன். 60-ல் இரண்டு தவறின. இரண்டும் ஒரே செய்தி: "அப்பா 48 அர்ஜென்ட்". அர்ஜென்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் ரிப்போர்ட்டை அவசரமாகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டிருந்தது.

குறிப்பை இன்னும் திருத்தலாம். அந்த இரண்டையும் சரிசெய்யலாம். ஆனால் வேறு ஏதாவது ஒரு சொல் வேறு எங்காவது இழுத்துக்கொண்டு போகும். குறிப்பு என்பது மாடலுக்குச் சொல்லும் அறிவுரை. பெரும்பாலும் கேட்கும். எப்போதும் கேட்கும் என்று உத்தரவாதம் கிடையாது. 60-க்கு 58 என்ற எண் விலை சொல்லும் வேலைக்கு நல்ல எண். இந்த வேலைக்கு அந்த இரண்டு பேர் யார் வீட்டு அப்பா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதனால் அந்த ஒரு வகையைக் குறிப்பின் கையிலிருந்து எடுத்துவிட்டோம். முதல் செய்தியில் உறவுப் பெயரும் எண்ணும் சேர்ந்து வந்து, ரூபாய் என்ற சொல்லோ பில் என்ற சொல்லோ இல்லாவிட்டால், அது மாடலிடம் போகவே போகாது. செய்தியைத் தடுத்து நிறுத்த நாலு வரி நிரல் போதுமானதாக இருந்தது. அக்கா தன் கையால் எழுதிய பதில் ஒன்று உடனே போகும். அக்காவின் போனும் அடிக்கும். நள்ளிரவானாலும் அடிக்கும். "அடிக்கட்டும்" என்றுதான் அவர் சொன்னார்.

இந்தத் தொகுப்பால் என்ன சொல்ல முடியாது என்பதையும் அவரிடம் தெளிவாகச் சொன்னேன். 24 செய்தியில் 22 தேறினால், நூறு வாடிக்கையாளரில் 92 பேருக்கு நல்ல பதில் கிடைக்கிறது என்று ஆகாது. நாங்கள் வேண்டுமென்றே கடினமானவற்றைப் பொறுக்கினோம். உண்மையில் வரும் செய்திகளில் பெரும்பாலானவை இவ்வளவு குழப்பமாக இருக்காது. இந்த எண்கள் ஒரு குறிப்பை இன்னொரு குறிப்போடு ஒப்பிட மட்டுமே உதவும். மாடலை நடத்தும் நிறுவனம் அதைப் புதுப்பித்தால், குறிப்பில் ஓர் எழுத்தும் மாறாமலே பதில்கள் மாறலாம். அன்றைக்குத் தொகுப்பைத் திரும்ப ஓட்ட வேண்டும்.

அந்த வேலை இப்போது வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் இருக்கிறது. மேசை மேல் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. சாட்பாட் தடுமாறிய முதல் செய்தி எது வந்தாலும், வந்தபடியே, பெயர் இல்லாமல் அதில் ஏறுகிறது. பக்கத்திலேயே "வேண்டும்", "கூடாது" என்ற இரண்டு வரி. போன வாரம் போயிருந்தபோது கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "நேத்து குடுத்தது இன்னைக்கா" என்று ஒரு செய்தி. அவர் "கேள்" என்று எழுதியிருந்தார். அக்கா அதை அடித்துவிட்டு "சொல்" என்று எழுதியிருந்தார். நேற்றுக் கொடுத்த ரத்தத்துக்கு இன்று மாலை 5 மணிக்கு ரிப்போர்ட், எந்தப் பரிசோதனையானாலும். அதற்குக் கீழே அந்தப் பெண் சின்ன எழுத்தில் இன்னொரு வரி சேர்த்திருந்தார்: தைராய்டு மட்டும் மறுநாள். பதில் இரண்டாகிவிட்டது. அக்கா தன் "சொல்"லை அடித்து மறுபடியும் "கேள்" என்று திருத்தியிருந்தார்.